குன்னூர் இறக்கத்தில் மைகீ: எது உதவும், எது உதவாது

எங்கள் வீட்டில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோர்டு ஆஸ்பயர், பெட்ரோல், மேனுவல் கியர். அதில் மைகீ என்றொரு வசதி உண்டு என்பது வாங்கும்போதே தெரியும். ஆனால் நானும் வீட்டுக்காரரும் மட்டும் ஓட்டிய வரை அதை யாரும் சீண்டவில்லை. மகளுக்கு லைசென்ஸ் வந்து, கோவையில் கல்லூரியும் கிடைத்து, வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு போய்வருகிறேன் என்று அவள் ஆரம்பித்த பிறகுதான் கையேட்டை எடுத்து ஒழுங்காகப் படித்தேன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவது என்றால் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஏறக்குறைய 1,500 மீட்டர் கீழே போகிறோம். எந்த அம்மாவுக்கும் வயிற்றைக் கலக்கும்.

மைகீயின் அடிப்படை எளிது. காரின் எல்லாச் சாவிகளும் முதலில் உரிமையாளர் சாவிகள்தான். அதில் ஒன்றை நாம் 'கட்டுப்பட்ட சாவி' ஆக்குகிறோம். கட்டுப்பாடு ஆளைப் பார்த்து வருவதில்லை, சாவியைப் பார்த்து வருகிறது. ஒவ்வொரு சாவிக்குள்ளும் இருக்கும் சிப்பை கார் படித்து, இது எந்தச் சாவி என்று புரிந்துகொள்ளும். அந்தச் சாவியால் ஸ்டார்ட் செய்தால் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு வரும், பாட்டின் சத்தம் முழு அளவில் 45 சதவீதத்தைத் தாண்டாது, முன்சீட்டுக்காரர்கள் சீட் பெல்ட் போடும்வரை ஆடியோ வாயைத் திறக்காது, எரிபொருள் குறைவு எச்சரிக்கை வழக்கத்தைவிட முன்னாலேயே வரும்.

செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். எந்தச் சாவியைக் கட்டுப்படுத்த வேண்டுமோ அதே சாவியைப் போட்டு இக்னிஷனை ஆன் செய்ய வேண்டும். நம் சாவியைப் போட்டுவிட்டு மகள் சாவியை மெனுவில் தேடினால் கிடைக்காது. திரையில் செட்டிங்ஸ் பகுதிக்குள் MyKey இருக்கும், அதற்குள் Create MyKey. அதைத் தேர்ந்தெடுத்து, OK பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்தச் சாவிக்கு அடையாளம் போட்டு வையுங்கள் என்று ஒரு செய்தி வரும்வரை விரலை எடுக்கக் கூடாது. அதன் பிறகும் கட்டுப்பாடு உடனே வராது. வண்டியை அணைத்து, அந்தச் சாவியாலேயே அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் வரும். உச்ச வேகம் எவ்வளவு, சத்தக் கட்டுப்பாடு வேண்டுமா என்பதையெல்லாம் மாற்ற, உரிமையாளர் சாவியோடு அதே மெனுவுக்குள் போக வேண்டும்.

அடையாளம் போடச் சொல்வது சும்மா இல்லை. இரண்டு சாவியும் பார்வைக்கு ஒரே மாதிரி. மகளுடைய சாவியின் பிளாஸ்டிக் தலையில் சிவப்பு நெயில் பாலிஷை ஒரு பொட்டாக வைத்தேன். சாவிக்கொத்தில் நாடா கட்டுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது எல்லாம் குன்னூர் ஈரத்தில் நிற்பதில்லை. பொட்டு நிற்கிறது.

அப்புறம் அதே மெனுவில் கணக்குப் பகுதி ஒன்று இருக்கிறது. எத்தனை உரிமையாளர் சாவிகள், எத்தனை கட்டுப்பட்ட சாவிகள், கட்டுப்பட்ட சாவியால் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்று மூன்று விவரம் அதில் வரும். என்னைக் கேட்டால் மைகீயில் மிகவும் உபயோகமான பக்கம் இதுதான். ஆரம்பத்தில் சில வாரம் மகள் ஊருக்கும் கோவைக்குமாகப் போய்வந்தும் அந்தத் தூரம் ஏறவே இல்லை. ஓடோமீட்டர் ஏறுகிறது, மைகீ தூரம் அப்படியே நிற்கிறது. என்ன அர்த்தம்? வண்டி ஓடியது, ஆனால் அந்தச் சாவியால் ஓடவில்லை. கேட்டதற்கு அவள் சிரித்தாள். "ஆணியில அப்பா சாவிதான் முன்னால தொங்குதும்மா, அவசரத்துல அதையே எடுத்துட்டேன்." பாதி உண்மைதான் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அன்று முதல் உரிமையாளர் சாவி பீரோவுக்குள் போய்விட்டது. இப்போது மாதக் கடைசியில் அந்த எண்ணை ஒருமுறை பார்த்தால் போதும், விசாரணையே தேவையில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இந்தப் பக்கம் இன்னொரு வேலையும் செய்யும். உங்கள் கையில் இருப்பது ஒரே சாவி, திரையோ இரண்டு உரிமையாளர் சாவிகள் என்று காட்டினால், மீதி ஒன்று பழைய உரிமையாளரிடமோ புரோக்கரிடமோ இன்னும் இருக்கிறது என்று பொருள். அதை முதலில் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் சர்வீஸில் அந்தச் சாவியை நீக்கச் சொல்லுங்கள். ஒரே சாவிதான் இருக்கிறது என்றால் மைகீயைத் தொடவே வேண்டாம். கட்டுப்பாட்டை நீக்க உரிமையாளர் சாவி ஒன்று கையில் இருந்தாக வேண்டும், எனவே முதல் வேலை இரண்டாவது சாவி செய்வதுதான்.

பட்டனில் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இன்னொரு சூட்சுமம் உண்டு. இரண்டு சாவிகளும் காருக்குள் இருந்தால் வண்டி உரிமையாளர் சாவியைத்தான் கணக்கில் எடுக்கும். அம்மா பக்கத்து சீட்டில் கைப்பைக்குள் தன் சாவியோடு உட்கார்ந்திருந்தால் மகனுக்கு எந்தக் கட்டுப்பாடும் இருக்காது. சோதித்துப் பார்க்கிறேன் என்று கூடவே போய், "ஒண்ணுமே வேலை செய்யலையே" என்று சொன்ன ஆட்களை எனக்குத் தெரியும்.

இனி மலைக்கு வருவோம். மகளுக்குச் சாவி செய்து கொடுத்ததைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு அக்கா, "அப்ப இனி கவலையில்ல, வேகமா போக முடியாதுல்ல" என்றார். எனக்கும் முதலில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. ஆனால் வேக வரம்பு என்பது சமவெளி நெடுஞ்சாலைக்காக யோசித்துச் செய்த விஷயம். அமெரிக்காவில் விற்கும் ஃபோர்டுகளில் தேர்ந்தெடுக்கக்கூடிய மிகக் குறைந்த வரம்பே மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர் பக்கம். எங்கள் காரின் மெனுவிலும் மலைப்பாதைக்கு ஒத்துவரும் எண் எதுவும் இல்லை. இறக்கத்தின் வழியில் இருக்கும் பர்லியாருக்கு மேலே அந்த வேகத்தில் போகக்கூடிய ஆள் அந்த வரம்பால் தப்பிக்கப் போவதில்லை.

வளைவில் என்ன நடக்கிறது என்று மகளுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். கொண்டை ஊசி வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பினால் வண்டி பக்கவாட்டில் உணரும் விசை அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே இருப்பவருக்குத் தோள் லேசாகச் சாயும், அவ்வளவுதான். அதே வளைவில் 40 என்றால் வேகம்தான் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு. எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் போய்விடும். நல்ல டயர் காய்ந்த தாரில் ஏறக்குறைய அவ்வளவுதான் தாங்கும். தூறல் விழுந்து இலை ஒட்டிக்கிடக்கும் சாலையில் தாங்காது. ஆக, ஆபத்து 20-க்கும் 40-க்கும் நடுவே இருக்கிறது. மைகீ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். வேக வரம்பு பிரேக் போடாது. அது செய்வதெல்லாம், குறிப்பிட்ட வேகம் வந்ததும் எஞ்சின் மேற்கொண்டு இழுக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் எஞ்சின் அசையாது. ஆனால் இறக்கத்தில் வண்டியை இழுப்பது எஞ்சின் இல்லை, மலை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு இறங்கும் பழக்கம் இன்னும் நம் ஆட்களிடம் இருக்கிறது, அப்படி இறங்கினால் எந்த வேக வரம்புக்கும் அங்கே வேலையே இல்லை. வேகத்தை முழுக்க பிரேக்கே சுமக்க வேண்டும். பிரேக் தேய்ந்து சூடேறினால் முதலில் கருகல் வாடை வரும், அப்புறம் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும், மிதித்தாலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது.

அதனால் சாவியோடு சேர்த்து மகளுக்கு ஒரு விதி கொடுத்தேன். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. குன்னூர் ஊர் எல்லை தாண்டியதும் இரண்டாவது கியர், மலையடிவாரத்துக் கல்லாறு வரை பெரும்பாலும் அதுதான். காலை எடுத்தால் எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உறுமல் கேட்கவில்லை என்றால் கியர் தப்பு. பிரேக்கை வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே அழுத்திவிட்டு விட வேண்டும், லேசாகக் கால் வைத்துக்கொண்டே வரக் கூடாது. ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். வாடை வந்தால் ஓரம் கட்டி, ஆறும்வரை காத்திருக்க வேண்டும், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அப்படியானால் மலையில் மைகீ வீணா என்றால், இல்லை. யாரும் பெரிதாக எண்ணாத இரண்டு கட்டுப்பாடுகள்தான் இங்கே உதவுகின்றன. முதலாவது சத்தம். நம் மலைப்பாதையில் ஹாரன்தான் பாதி கண். வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வருகிறதா என்பது முதலில் காதுக்குத்தான் தெரியும். பஸ் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டு, வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு வருவார். அவருக்கு வேறு வழியில்லை, வண்டியின் நீளம் அப்படி. பாட்டு முழுச் சத்தத்தில் அலறினால் அந்த ஹாரன் காதில் விழும்போது பஸ்ஸின் முகம் கண்ணாடி முன்னால் இருக்கும். 45 சதவீதத்தில், ஜன்னலை இரண்டு விரல் கடை இறக்கி வைத்தால், நன்றாகக் கேட்கிறது. வேகம் கூடக்கூடத் தானாகச் சத்தம் ஏறும் அமைப்பையும் மைகீ நிறுத்திவிடும், அதுவும் நல்லதுதான். ஆனால் இந்தக் கட்டுப்பாடு காரின் ஸ்பீக்கருக்கு மட்டும். காதில் இயர்பட் மாட்டிக்கொண்டால் மைகீக்கு அது தெரியாது. அதை நாம்தான் சொல்லித் தடுக்க வேண்டும்.

இரண்டாவது சீட் பெல்ட். முதல் நாள் வாசலிலேயே மகள் கூப்பாடு போட்டாள். "மா, பாட்டே வரமாட்டேங்குது, ஸ்டீரியோ போயிருச்சு!" பெல்ட் போட்டதும் வந்தது. ஊருக்குள்தானே, மார்க்கெட் வரைதானே என்று பெல்ட் போடாமல் விடுகிற வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் ஒடிந்துவிட்டது. நான் ஆயிரம் தடவை சொல்லியும் நடக்காததை ஊமை ஸ்டீரியோ செய்துவிட்டது. வண்டி வழுக்கிப் போகாமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருக்கும் மாடல் என்றால், அதை அணைக்க முடியாதபடியும் மைகீயால் பூட்டி வைக்கலாம். இளம் டிரைவர் கையில் கொடுக்கும் வண்டியில் அதைத் தவறாமல் பூட்டுங்கள்.

வேக வரம்பு தன் வேலையைக் காட்டுவது மேட்டுப்பாளையம் தாண்டித்தான், அதிலும் அவிநாசிக்கு அப்புறம் சேலம் போகும் நான்குவழிச் சாலையில். அங்கே ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். லாரியை முந்திக்கொண்டிருக்கும்போது பாதியில் வரம்பு வந்துவிட்டால் வண்டி அதற்கு மேல் இழுக்காது. பழக்கமில்லாத பிள்ளை வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போகும். அதனால் சாவியைக் கையில் கொடுக்கும் முன் ஒரு ஞாயிறு காலை, சாலை காலியாக இருக்கும்போது, கூட உட்கார்ந்து வரம்பைத் தொட வைத்தேன். திரையில் செய்தி வரும், மணி அடிக்கும், எஞ்சின் அடங்கும். இந்த மூன்றையும் அவள் அனுபவித்துப் பார்த்துவிட்டாள். முந்துவதற்குப் போதுமான இடைவெளி இருக்கும்படி வரம்பையும் சற்று மேலேயே வைத்தோம். ரொம்பக் குறைவாக வைப்பதும் பாதுகாப்பு இல்லை. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் சத்தம் வருமே, அது வேறு. அது எச்சரிக்கும், தடுக்காது.

வெளியாளிடம் சாவியைக் கொடுக்கும்போது போடும் வேலட் மோடு மைகீக்கு நேர் எதிர்ப் பிறவி. கோவையில் இருக்கும் தம்பி, மே மாதத்தில் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு வருவான். அவனுடையது இணைய வசதி உள்ள புதிய கார். சீசனில் ஹோட்டல்காரர்கள் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை எங்கோ சரிவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பார்க்கிங் இடம் கிடைக்காத ஊரில் அவர்களையும் குறை சொல்ல முடியாது. இவன் கெத்தாக வேலட் மோடு போட்டுவிட்டுச் சாவியைக் கொடுப்பான். "அக்கா, இனி அந்தப் பையன் வேகமா ஓட்ட முடியாது" என்றான்.

அப்படி இல்லை என்று அவனுக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம் ஊரில் விற்கும் ஹூண்டாய், கியா மாதிரியான கார்களில் வேலட் மோடு என்பது பெரும்பாலும் திரைக்குப் போடும் பூட்டு. நான்கு இலக்க எண் ஒன்றைக் கொடுத்துப் பூட்டினால், போன் தொடர்புகள், கடைசியாகப் போன இடங்கள், நேவிகேஷனில் இருக்கும் வீட்டு முகவரி ஆகியவை மறைந்துவிடும். ஊர் தெரியாத ஒருவர் கையில் சாவி இருக்கும்போது வீட்டு முகவரி தெரியாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் எஞ்சினைத் தொடாது. எஞ்சினையும் சேர்த்துக் கட்டிப்போடும் வேலட் மோடு வேண்டுமென்றால் டெஸ்லா மாதிரி வண்டிக்குப் போக வேண்டும். அதில் உச்ச வேகம் மணிக்கு 113 கிலோமீட்டராகக் குறையும், முடுக்கம் அடங்கும், முன்பக்க டிக்கியும் கையுறைப் பெட்டியும் பூட்டிக்கொள்ளும். தம்பி காரில் கையுறைப் பெட்டியை நாம்தான் காலி செய்ய வேண்டும்.

அவன் காரில் உண்மையில் கண்காணிப்பு வேலையைச் செய்வது போன் செயலியில் இருக்கும் எச்சரிக்கைகள். வேலட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, எல்லை எச்சரிக்கை என்று தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். திரையில் வேலட் மோடு போட்டுவிட்டால் இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று அவன் எண்ணியிருந்தான். மோட்டைப் போட்டபின் செயலியைத் திறந்து, எந்த எச்சரிக்கை ஆன், என்ன எண் என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். அதிலும் வேக எச்சரிக்கை எண்ணை மலைக்கு ஏற்றபடி 40, 50 என்று வைக்க வேண்டும். கோவையில் வைத்த 100 இங்கே எதற்கும் உதவாது.

இங்கே மலை வேறு ஒரு வேலை காட்டும். இந்த எச்சரிக்கைகள் காருக்குள் இருக்கும் சிம் வழியாக வருகின்றன. பர்லியார் பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். தம்பி ஒருமுறை ஊரிலிருந்து ஆக்டிங் டிரைவர் வைத்துக் காரை மட்டும் கீழே அனுப்பினான். இறக்கத்தில் வர வேண்டிய எச்சரிக்கை, வண்டி மேட்டுப்பாளையத்தில் டீக்கடை முன்னால் நின்ற பிறகு போனுக்கு வந்தது. டிரைவர் அண்ணன் பதமாகத்தான் ஓட்டியிருந்தார், ஒரே ஒரு நேர்ச்சாலையில் மட்டும் எண்ணைத் தொட்டிருக்கிறார். இருந்தாலும் விஷயம் புரிந்தது. அந்தச் செய்தி நடந்து முடிந்ததைச் சொல்லும் கணக்கு, ஓட்டுகிறவரின் காலைப் பிடிக்கும் கை இல்லை. அதை வைத்துக்கொண்டு ஓடும் வண்டியின் டிரைவருக்குப் போன் அடிப்பது இன்னும் மோசம். வண்டி போய்ச் சேர்ந்த பிறகு பேசலாம். ஆக்டிங் டிரைவரிடம், இந்த வண்டியில் வேக எச்சரிக்கை வைத்திருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவதும் மரியாதை. ஒளித்துவைத்துப் பிடிப்பதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தெரிந்தவர் ஒருவர், பதினாறு வயதுப் பையனுக்கு இதே மாதிரி சாவி செய்து தர முடியுமா, எஸ்டேட் ரோட்டில் மட்டும்தான் ஓட்டுவான் என்று கேட்டார். கட்டுப்பட்ட சாவி லைசென்ஸ் ஆகாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில், பதினெட்டு வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு, வண்டியின் பதிவையும் பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து செய்வார்கள். வேக வரம்பு போட்டிருந்தேன் என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது. அவர் கொஞ்சம் முகம் சுளித்தார், போகட்டும்.

எப்போது கட்டுப்பாட்டை எடுப்பது என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வேக வரம்பை இந்த வருடம் தளர்த்திவிட்டேன், சத்தக் கட்டுப்பாட்டை வைத்திருக்கிறேன். இப்படி ஒவ்வொன்றாக மாற்ற உரிமையாளர் சாவியோடு மெனுவுக்குள் போனால் போதும். முழுவதுமாக எடுக்க வேண்டுமென்றால் அதே சாவியைப் போட்டு, Clear MyKeys தேர்ந்தெடுத்து OK பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அது எல்லாக் கட்டுப்பட்ட சாவிகளையும் ஒரே அடியாக விடுவித்துவிடும், ஒன்றை மட்டும் தனியாக நீக்க வழியில்லை. எனவே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு சாவி செய்து வைத்திருந்து, மூத்தவனை மட்டும் விடுவிக்க நினைத்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு இளையவன் சாவியை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். வண்டியை விற்கும் அன்றும் இதைச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் நம்மைக் கூப்பிட்டு ஸ்டீரியோ பழுது என்பார்.